பட்டறையில் வெல்டிங் வைத்தால் எங்கள் வீட்டு விளக்கு மினுக்குவது ஏன்?

"மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம். தெருக்கோடிப் பட்டறையில் வெல்டிங் வைக்கும்போதெல்லாம் எங்கள் வீட்டு பல்பு மங்கி மங்கி எரிகிறது. பெரிய டிரான்ஸ்பார்மர் கேட்டு மனு கொடுத்தால் சரியாகுமா? இதை அளக்க வழி உண்டா?"

பெரிய டிரான்ஸ்பார்மர் வைத்தாலும் பெரும்பாலும் சரியாகாது. டெல்டா கிராமங்களில் ஒரு டிரான்ஸ்பார்மரிலிருந்து வயல் மோட்டார்களையும் தெருக்களையும் தொட்டுக்கொண்டு தாழ்வழுத்தக் கம்பி நெடுந்தூரம் போகிறது. மினுக்கத்தின் பெரும்பகுதி அந்தக் கம்பியில்தான் பிறக்கிறது.

பாபநாசம் பக்கம் இதே புகாரில் நான் அளந்து பார்த்ததைச் சொல்கிறேன். பட்டறை 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரிலிருந்து ஏறக்குறைய 400 மீட்டர் தள்ளி இருந்தது. டிராக்டர் கேஜ் வீலுக்குக் கம்பிகளை ஒட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. வெல்டிங் மிஷின் ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் இணைக்கப்பட்டு 25 ஆம்பியர் இழுத்தது. ராடு தொட்டதும் அடுத்த வீட்டு பிளக்கில் 224 வோல்ட் 208 ஆகச் சரிந்தது. அதே நேரத்தில் டிரான்ஸ்பார்மர் அடியில் சரிவு 2 வோல்ட் மட்டுமே. மீதி 14 வோல்ட், பேஸ் கம்பியும் நியூட்ரல் கம்பியும் போகவரத் தின்றது. இந்த இரண்டு இடத்து அளவையும் ஒப்பிட்டாலே குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். டிரான்ஸ்பார்மரை இரட்டிப்பாக்கினால் மிச்சமாவது ஒரு வோல்ட்தான்.

எத்தனை வோல்ட் சரிந்தது என்பது மட்டும் எரிச்சலைத் தீர்மானிப்பதில்லை. எத்தனை முறை சரிந்தது என்பதும் சேர்ந்துதான் கண்ணை உறுத்துகிறது. அதனால் ஐ.இ.சி. 61000-4-15 தரத்தின்படி அமைந்த மீட்டர், 60 வாட் குண்டு பல்பின் ஒளியையும் அதைப் பார்க்கும் மனிதக் கண்ணையும் கணக்கில் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை Pst என்ற ஒரே எண்ணைக் காட்டும். அது 1 என்றால் பார்ப்பவர்களில் பாதிப் பேருக்கு எரிச்சல் வரும் எல்லை. நிமிடத்துக்கு ஒரு மாற்றம் என்றால் 2.7 சதவீதச் சரிவில் அந்த எல்லை வந்துவிடும். ஏழு மாற்றங்கள் என்றால் 1.46 சதவீதமே போதும். ராடு தொடுவது ஒரு மாற்றம், எடுப்பது இன்னொன்று என்பதால் நிமிடத்துக்கு மூன்று நான்கு ஒட்டு வைத்தாலே ஏழு ஆகிவிடுகிறது. 16 வோல்ட் என்பது 7 சதவீதம். ஒரே வேகத்தில் Pst சரிவுக்கு நேர்விகிதத்தில் ஏறும் என்பதால் இங்கே அது 4.8 அளவுக்குப் போகும். உங்களிடம் அந்த மீட்டர் இருக்க வாய்ப்பில்லை. சாதாரண மல்டிமீட்டரும் கைக்கடிகாரமும் கொண்டு இதே கணக்கைத் தோராயமாகப் போட்டுவிடலாம். மலிவான எல்.இ.டி. பல்புகள் சில வோல்டேஜோடு சேர்ந்தே ஆடும், நல்ல டிரைவர் உள்ளவை ஆடாமல் நிற்கும். ஆகவே பல்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

பட்டறைக்காரர்கள் கெப்பாசிட்டர் போட்டாயிற்று என்பார்கள். பில்லுக்கு அது நல்லது, மினுக்கத்துக்கு அல்ல. எப்போதும் இணைப்பில் இருக்கும் கெப்பாசிட்டர் வோல்டேஜை ஒரே அளவாக உயர்த்தி வைக்கும். ராடு தொடும்போது விழும் 16 வோல்ட் அப்படியே விழும். உருக்காலையின் ஆர்க் ஃபர்னஸில் இதைத் தீர்க்க, ஆர்க் தாவும் ஒவ்வொரு கணமும் ஈடுசெய்யும் எஸ்.வி.சி. அல்லது ஸ்டாட்காம் என்ற பெரிய கருவி தேவைப்படுகிறது. நம் பட்டறைக்கு அந்த ஆடம்பரம் வேண்டாம்.

செலவில்லாத வழி, மிஷினில் 415 வோல்ட் முனை இருந்தால் அதை இரண்டு பேஸ்களுக்கு இடையில் மாற்றி இணைப்பது. கரண்ட் 25-லிருந்து 14 ஆம்பியராகிறது, நியூட்ரலில் கரண்டே ஓடுவதில்லை. சரிவு ஒரு பேஸில் சுமார் 6 வோல்ட், மற்றதில் 3 வோல்ட் என்று சமமில்லாமல் பிரியும். மிஷினின் பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் கரண்டில் உண்மையாக வேலை செய்யும் பங்கு, குறைவாக இருப்பதால் வரும் விசித்திரம் இது. 6 வோல்ட்டிலும் Pst 1.8 வரை போகும் என்பதால் அந்த பேஸில் உள்ள வீட்டாருக்குத் தொந்தரவு குறையுமே தவிர நீங்காது. ஆனால் மூன்றாவது பேஸில் உள்ள வீட்டில் கிட்டத்தட்ட ஒன்றுமே தெரியாது. இன்வெர்ட்டர் வெல்டிங் மிஷின் குறைந்த கரண்ட் எடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதன் பவர் ஃபேக்டர் உயர்வு, நம் கம்பியிலோ ரெசிஸ்டன்ஸ் அதிகம், அதில் சரிவை உண்டாக்குவது அந்த வேலை செய்யும் பங்குதான், எனவே கரண்ட் குறைந்த அளவுக்குச் சரிவு குறையாது.

ஆகவே மனுவில் பெரிய டிரான்ஸ்பார்மர் கேட்காமல், பட்டறை மாறிய பின் எந்த இரண்டு பேஸில் இருக்கிறதோ அவற்றைத் தவிர்த்து உங்கள் சர்வீஸை மூன்றாவது பேஸுக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள். பட்டறைக்காரர் ஒரே பேஸில்தான் ஓட்டுவேன் என்றால், அடுத்துக் கேட்க வேண்டியது அவர் பக்கத்திலேயே ஒரு சிறிய டிரான்ஸ்பார்மர். 400 மீட்டர் 50 மீட்டராகச் சுருங்கினால் கம்பியில் விழும் 14 வோல்ட் 2 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். மனுவோடு, பட்டறை ஓடும்போதும் ஓடாதபோதும் உங்கள் வீட்டிலும் டிரான்ஸ்பார்மர் அடியிலும் இருந்த வோல்டேஜைத் தேதி, நேரத்துடன் எழுதி வையுங்கள். டிரான்ஸ்பார்மர் அடி அளவை லைன்மேனை வைத்தே எடுங்கள். அங்கே நீங்கள் கை வைக்கக் கூடாது.