கல்யாணச் செலவை ஒரு வருட வரம்புக்குள் எப்படி வைப்பது?

"வருடத்துக்கு ஆறேழு கல்யாணத்துக்கு அழைப்பு வருகிறது. பயணம், துணி, பரிசு என்று போகிற பணத்துக்குக் கணக்கே இல்லை. வருடத்துக்கு இவ்வளவுதான் என்று எப்படிக் கட்டுப்படுத்துவது?"

நானும் முதலில் பரிசில்தான் கைவைத்தேன். அது தப்பு என்று, ஒரு வருடத்து வங்கிக் கணக்கை எடுத்துக் கல்யாணத் தேதிகளுக்கு முன்னும் பின்னும் போன பணத்தைக் கூட்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது. பத்துப் பங்கில் ஆறு பங்கு பயணமும் தங்கலும். இரண்டரைப் பங்கு துணி. பரிசு வெறும் ஒன்றரை. பரிசைப் பாதியாகக் குறைத்திருந்தாலும் மிச்சமாவது ஒரு பங்குகூட இல்லை, மனக்கஷ்டம்தான் மிஞ்சியிருக்கும்.

அதிலிருந்து நான் செய்வது இது. வருட வரம்பை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 15 பங்கு துணிக்கு. இதை எந்தக் கல்யாணத்தின் கணக்கிலும் சேர்ப்பதில்லை, ஏனென்றால் நல்ல உடை ஒன்றை எடுத்தால் அது அந்த வருடம் முழுவதுக்கும் ஆகும். இந்த ஊர்க் கூட்டமும் அந்த ஊர்க் கூட்டமும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். இன்னொரு 20 பங்கைத் தொடாமல் வைத்துவிடுவேன், அது திடீர் அழைப்புக்கு. மீதி 65.

போன வருடம் எனக்குத் தெரிந்து ஆறு கல்யாணம் இருந்தது. சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு 30, கல்லூரித் தோழிக்கு 20, மற்ற நான்குக்கும் சேர்த்து 15 என்று பிரித்தேன். எல்லாருக்கும் சமமாகப் பிரித்தால் நெருங்கியவர் கல்யாணத்துக்குப் பணம் போதாது, தூரத்துப் பழக்கத்துக்குத் தேவைக்கு மேல் ஒதுங்கிவிடும். ஆகவே அந்த நான்கில் பக்கத்தில் நடந்த இரண்டுக்கு நேரில் போனேன், மற்ற இரண்டுக்குப் பரிசை மட்டும் அனுப்பினேன்.

இதில் முக்கியமான பழக்கம் ஒன்று உண்டு. செலவு செய்யும் அன்று கழிக்காதீர்கள், அழைப்பு கையில் கிடைத்த அன்றே கழித்துவிடுங்கள். என் நோட்டில் தோழி கல்யாணத்துக்கு எழுதியது இப்படி: போக வர டிக்கெட் 9, ஓர் இரவு அறை 5, ஸ்டேஷனிலிருந்து மண்டபம் போக, அறைக்குத் திரும்ப ஆட்டோ 2, பரிசு 4. மொத்தம் 20. அந்த ஆட்டோ வரியை முன்பெல்லாம் எழுதியதே இல்லை, ஒவ்வொரு முறையும் அங்கேதான் கணக்கு இடிக்கும். இப்படி முன்கூட்டியே எழுதினால், பணம் கையில் இருப்பதுபோலத் தோன்றி அடுத்த அழைப்புக்கும் சரி சொல்லிவிடும் ஆபத்து இல்லை.

செலவைக் கூட்டுவது பெரும்பாலும் ஒரு கூடுதல் இரவுதான். முதல் நாள் நிகழ்ச்சிக்கும் வரச் சொல்வார்கள். டிக்கெட் அதேதான், ஆனால் அறை வாடகை இரட்டிப்பாகும், இன்னொரு உடையும் வேண்டும், வேலையில் ஒரு நாள் விடுப்பும் போகும். சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு மனசு கேட்காமல் முந்தின நாளே போனேன், 30 என்று போட்டது 33 ஆனது. அது எனக்குச் சம்மதம்தான். தோழி கல்யாணத்துக்கு மட்டும் அப்படிச் செய்யவில்லை. இன்னொருத்தியுடன் அறையைப் பகிர்ந்ததில் 19-லேயே முடிந்தது.

துணியில் 2 பங்கு கூடிப்போய் 17 ஆனது, காரணம் செருப்பும் தையல் கூலியும். மற்ற நான்குக்கு 14. நடுவில் அலுவலகத் தோழர் ஒருவர் மூன்று வாரம் முன்னால் அழைத்தார், அதற்கு 12. ஒதுக்கி வைத்த 20 இல்லாவிட்டால் அங்கேயே வரம்பு உடைந்திருக்கும். கூட்டினால் 95.

போக முடியாதபோது அதை எப்படிச் சொல்வது என்பதுதான் பலருக்கும் தயக்கம். நான் அழைப்பு வந்த ஒரு வாரத்துக்குள் போன் செய்துவிடுவேன். "இந்த முறை என்னால் வர முடியாதுப்பா, ஆனா அடுத்த மாசம் வீட்டுக்கு வந்து ரெண்டு பேரையும் பார்க்கிறேன்" என்றேன் ஒருவரிடம். "இப்பவே சொன்னது நல்லதாப் போச்சு, சாப்பாட்டுக்கு ஆள் எண்ணிக்கை கொடுக்கணும்" என்றார். கடைசி வாரத்தில் சொல்லியிருந்தால் அவருக்கும் நஷ்டம், என் டிக்கெட்டிலும் ரத்துக் கட்டணம் போயிருக்கும்.

கூட்டாகப் பரிசு வாங்குவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒருவர் பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டு அப்புறம் தலைக்கு இவ்வளவு என்பார். பேச்சு தொடங்கும்போதே "நான் இவ்வளவு தருகிறேன்" என்று உங்கள் தொகையைச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, வருடத் தொடக்கத்தில் வரும் கல்யாணத்துக்கு முந்தின வருடக் கடைசியிலேயே டிக்கெட் எடுப்போம். அதைக் கல்யாணம் நடக்கிற வருடத்தில்தான் எழுத வேண்டும். நான் ஒரு தடவை டிக்கெட் எடுத்த வருடத்திலேயே எழுதிவிட்டு, புது வருடத்தில் 9 பங்கு கூடுதலாக இருப்பதாக நினைத்து இன்னொரு பயணத்துக்கு ஒத்துக்கொண்டேன்.