52 பக்கம் 22 ஆன கதை

வணக்கம் அண்ணா. உங்கள் பாப்பா வெளிநாட்டில் கட்டடக்கலை மேல்படிப்புக்கு அனுப்பும் போர்ட்ஃபோலியோவைப் பற்றி, அதாவது அவள் வரைந்த வேலைகளின் தொகுப்பைப் பற்றி, நேற்று போனில் நீங்கள் கேட்ட கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்லிவிட்டேன். "அஞ்சு வருஷம் ராத்திரி பகலா வரைஞ்சதை எல்லாம் எடுத்துப் போடச் சொல்றீங்களே சார், நிறைய இருந்தாத்தானே சீட்டு கிடைக்கும்?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பாப்பாவிடமும் காட்டுங்கள்.

முதலில் ஒரு விஷயம். நம் ஊரிலேயே கேட் தேர்வு எழுதி அரசு நிறுவனங்களில் எம்.ஆர்க் சேர்வதென்றால் மதிப்பெண்தான் பெரும்பாலும் பேசும். பாப்பா விண்ணப்பிப்பது வெளிநாட்டில். அங்கே மதிப்பெண் பட்டியலுக்குப் பக்கத்திலேயே போர்ட்ஃபோலியோவையும் வைத்துப் பார்ப்பார்கள். பார்ப்பவர் பாடம் நடத்தும் ஆசிரியர். அவர் முன்னால் நூற்றுக்கணக்கான கோப்புகள் இருக்கும். ஒன்றுக்குச் சில நிமிடம் ஒதுக்கினாலே அதிகம். 9 புராஜெக்ட் வைத்தால் 9-ஐயும் அரைகுறையாகப் பார்ப்பார்.

நீங்கள் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர். புதிதாக வேலை கேட்டு வருபவன் கொண்டுவரும் கொலுசை என்ன செய்வீர்கள்? முன்பக்கப் பளபளப்பைப் பார்த்துவிட்டு உடனே திருப்பி, பற்றவைத்த இடத்தைப் பார்ப்பீர்கள். அந்த ஆசிரியரும் அதைத்தான் செய்கிறார். கட்டடம் கட்டி முடித்த மாதிரி கம்ப்யூட்டரில் போடும் ரெண்டர் படம் முன்பக்கம், யோசித்த கோட்டோவியங்கள் பின்பக்கம்.

பாப்பாவின் 52 பக்கத்தில் என்னென்ன இருந்தது? முதல் வருடத்தில் செய்த கனசதுர மாடல், பஸ் ஸ்டாண்ட், ஒரு ரிசார்ட், ஒரு பள்ளிக்கூடம், ஒரு ஆஸ்பத்திரி, கட்டடக்கலை மாணவர் சங்கமான நாசா நடத்தும் போட்டிக்கு எட்டுப் பேர் சேர்ந்து செய்த ஷீட்டுகள், சேலம் குகைப் பகுதியில் ஒரு நெசவாளர் வீட்டை அளந்து வரைந்தது, ஆபீஸ் டிரெய்னிங்கில் வரைந்த வொர்க்கிங் டிராயிங், கடைசியாக ஏற்காடு தீசிஸ். எல்லாம் படித்த வரிசையில். அதாவது இருப்பதிலேயே பலவீனமான வேலை முதல் பக்கத்திலும், பலமான வேலை 41-ஆம் பக்கத்திலும் இருந்தன. 41 வரை யார் போவார்கள்?

நானும் பாப்பாவும் உட்கார்ந்து நான்கை மட்டும் வைத்தோம். தீசிஸுக்கு 9 பக்கம், நெசவாளர் வீட்டுக்கு 5, மூன்றாம் வருடப் பள்ளிக்கூடத்துக்கு 4, ஆபீஸ் வேலைக்கு 2. முன்னால் ஒரு உள்ளடக்கப் பக்கம், கடைசியில் கையால் வரைந்த படங்கள் ஒரு பக்கம். மொத்தம் 22. ஆஸ்பத்திரி நல்ல மார்க் வாங்கிய புராஜெக்ட்தான். ஆனால் அதில் அவள் சொந்தமாக முடிவெடுத்த இடம் எது என்று கேட்டேன், யோசித்துப் பார்த்துவிட்டு "இல்ல சார்" என்றாள். அது போய்விட்டது. பள்ளிக்கூடம் சுமாரான மார்க், ஆனால் வராண்டாவின் அகலத்துக்கு அவளால் கால் மணி நேரம் காரணம் சொல்ல முடிந்தது. அது தங்கியது.

இனி தீசிஸ். ஏற்காட்டுச் சரிவில் சிறு விவசாயிகளுக்கான ஒரு பொதுக் காப்பி பதனிடும் இடம். பறித்த பழத்தைத் தோலுரித்து, ஊறவைத்து, கழுவி, களத்தில் காயவைப்பது வரை அங்கேயே நடக்கும். அவள் முதலில் அடுக்கியிருந்த விதத்தில் இந்தியா வரைபடம், தமிழ்நாடு வரைபடம், சேலம் வரைபடம், ஏற்காடு வரைபடம் என்று நான்கு பக்கம் போன பிறகுதான் மனையே வரும். நம் கல்லூரி ஷீட்டுகளில் இது ஒரு சடங்கு. அப்புறம் கேஸ் ஸ்டடி, வட்டங்களைக் கோடு போட்டு இணைத்த பபுள் டயகிராம், 'கான்செப்ட்' என்று ஒரு காப்பி இலை. அத்தனையையும் எடுத்துவிட்டோம்.

இப்போது முதல் பக்கத்தில் ஒரே ஒரு வெட்டுத்தோற்றம், மலையையும் கட்டடத்தையும் குறுக்கே வெட்டிப் பார்த்த மாதிரி, பக்கம் முழுவதும். சரிவு, சில்வர் ஓக் மரங்கள், களம், தோலுரிக்கும் கொட்டகை, கீழே ரோடு. பார்த்ததும் இது மலையில் நிற்கும் கட்டடம், என்ன வேலை நடக்கிறது என்பது பிடிபட்டுவிடும். இரண்டாவது பக்கத்தில் மனையின் சமஉயரக் கோடுகள். மூன்றும் நான்கும் யோசித்த கோட்டோவியங்கள். அதன் பிறகே பிளான். கேள்வி முதலில் வந்து பதில் பின்னால் வர வேண்டும். பிளானை முதலில் காட்டிவிட்டால் அப்புறம் வரும் ஸ்கெட்சுகள் வெறும் அலங்காரம்.

அந்த ஸ்கெட்ச் பக்கங்களில்தான் எங்களுக்குள் சின்னச் சண்டை வந்தது. அவள் கொண்டுவந்தது டிரேசிங் பேப்பரில் கருப்பு மார்க்கரால் போட்ட அழகான படங்கள். பார்த்ததும் தெரிந்துவிட்டது, இது டிசைன் முடிந்த பிறகு வரைந்தது. எப்படித் தெரியும் என்கிறீர்களா? தூண்கள் எல்லாம் இறுதிப் பிளானில் இருக்கும் அதே இடத்தில் இருந்தன. எல்லாக் கோடும் ஒரே பேனா, ஒரே கனம். ஒரு அளவுகூட எழுதவில்லை. கைவிட்ட யோசனை ஒன்றுகூட இல்லை. 'காற்று', 'காட்சி' என்று அம்புக்குறிகள் மட்டும் தாராளமாக இருந்தன. எனக்கே தெரிகிறதென்றால் வருடம் முழுவதும் மாணவர் ஸ்கெட்சையே பார்க்கிறவருக்குத் தெரியாதா?

"நிஜமா யோசிச்சது எங்கே?" என்றேன். தயங்கித் தயங்கி ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்தாள். மழையில் நனைந்து ஓரம் ஊதிப்போயிருந்தது. அதில் பென்சிலால் மூன்று வெட்டுத்தோற்றங்கள் இருந்தன. சொல்கிறேன் கேளுங்கள், கணக்கு உங்களுக்குச் சுலபம்.

காப்பி காய சமதளமான களம் வேண்டும். அவள் கணக்குப்படி 240 சதுர மீட்டர். மனையோ நான்கு மீட்டர் போனால் ஒரு மீட்டர் இறங்கும் சரிவு. முதல் படத்தில் களம் 12 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளம். 12 மீட்டருக்குச் சரிவு 3 மீட்டர் இறங்குகிறது. பாதியை வெட்டி பாதியை நிரப்பினாலும் ஒரு பக்கம் ஒன்றரை மீட்டர் வெட்டு, மறுபக்கம் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு மண்ணைத் தாங்கும் சுவர். பக்கத்தில் அவளே "மரத்து வேர் போயிடும், சுவருக்குப் பின்னாடி மழைத்தண்ணி?" என்று எழுதி ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தாள். இரண்டாவது படத்தில் நான்கு மீட்டர் அகலத்தில் மூன்று படிகள். சுவர்கள் சிறியதாகிவிட்டன, ஆனால் காப்பியைக் கிளறுகிறவர்கள் நாள் முழுக்க ஒரு மீட்டர் ஏறி இறங்க வேண்டும், தள்ளுவண்டி போகாது. அதற்கும் பெருக்கல் குறி.

மூன்றாவது படத்தில் களம் 6 மீட்டர் அகலம், 40 மீட்டர் நீளம், சமஉயரக் கோட்டோடு சேர்ந்து ஓடுகிறது. பரப்பு அதே 240. இறக்கம் ஒன்றரை மீட்டர்தான், ஆகவே வெட்டும் நிரப்பும் முக்கால் முக்கால் மீட்டர். ஒரே மட்டத்தில் வண்டி தள்ளலாம். ஆனால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடை கூடிவிட்டது. அதனால் தோலுரிக்கும் கொட்டகையை ஓரத்திலிருந்து நடுவுக்கு மாற்றினாள். அந்த இடத்தில் அழித்து அழித்துத் தாளே தேய்ந்திருக்கிறது.

அண்ணா, மொத்தப் போர்ட்ஃபோலியோவிலும் இதற்கு ஈடான பக்கம் இல்லை. கொட்டகை ஏன் நடுவில் இருக்கிறது என்று பிளானைப் பார்த்தால் புரியாது, இந்த மூன்று பென்சில் படங்களைப் பார்த்தால் அரை நிமிடத்தில் புரியும். கைவிட்ட இரண்டையும் சேர்த்துத்தான் வைக்கிறோம். அவை இல்லாவிட்டால் மூன்றாவதற்கு அர்த்தமே கிடையாது. ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி: என்ன முயன்றேன், ஏன் விட்டேன். அதற்கு மேல் எழுதினால் யாரும் படிப்பதில்லை.

ஸ்கேன் செய்வதில் கவனம் வேண்டும். போனில் படம் எடுத்தால் ஒரு ஓரம் மஞ்சளாகவும் மறு ஓரம் நிழலாகவும் வரும். ஜெராக்ஸ் கடையில் கண்ணாடி மேல் வைத்து 300 டிபிஐயில் எடுக்கட்டும். பிறகு கம்ப்யூட்டரில் தாளை வெள்ளை வெளேரென்று ஆக்க வேண்டாம், லேசான பென்சில் கோடுகள் அதோடு போய்விடும். நோட்டின் நீலக் கோடுகள் இருந்துவிட்டுப் போகட்டும். படங்களைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி ஒரே பக்கத்தில் பத்து ஒட்டுவதும் கூடாது. பள்ளிக்கூடப் புராஜெக்டுக்குப் பழைய நோட்டு தொலைந்துவிட்டது என்றாள். அதற்குப் புதிதாக ஒரு விளக்கப்படம் போட்டு, விளக்கப்படம் என்றே பெயர் வைக்கச் சொல்லியிருக்கிறேன். பழைய ஸ்கெட்ச் மாதிரி நடிக்க வேண்டியதில்லை.

வெளியே காசு கொடுத்துப் போட்ட ரெண்டர் படங்களைப் பற்றியும் கேட்டீர்கள். அதில் ஒன்றைச் சின்னதாக அந்தப் புராஜெக்டின் கடைசிப் பக்கத்தில் வைத்து, படம் வேறொருவர் போட்டது என்று எழுதுவோம். மற்றவை வேண்டாம். நெசவாளர் வீடும் அப்படித்தான். நான்கு பேர் அளந்தது, அதில் குழித்தறி இருக்கும் அறையும் அதன் வெட்டுத்தோற்றமும் இவள் வரைந்தவை. அதை ஒரு வரியில் சொல்லியே ஆக வேண்டும். ஆபீஸ் டிராயிங்குக்கு அந்த ஆபீஸில் அனுமதி கேட்டுவிட்டு, அவள் பங்கு எது என்று குறிக்கட்டும்.

அவள் இரண்டு வகைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறாள். நிலமும் காலநிலையும் சார்ந்த படிப்புக்கு ஏற்காடு முதலில் வரும். வீட்டுவசதி சார்ந்த படிப்புக்கு அதே 22 பக்கத்தில் நெசவாளர் வீடு முதலுக்கு வந்து, ஏற்காடு கடைசிக்குப் போகும். கடைசி இடமும் நல்ல இடம்தான். நடுவில்தான் எதுவும் மறந்துபோகும், அதனால் பள்ளிக்கூடமும் ஆபீஸ் வேலையும் நடுவில். பக்க எண்ணிக்கையும் கோப்பின் அளவும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் வேறு. 22 பக்கத்துக்கும் குறைவாகக் கேட்டால் முதலில் பள்ளிக்கூடத்தை எடுப்போம், தீசிஸில் கை வைக்க மாட்டோம். சில வருடம் முன்பு என்னிடம் வந்த ஒரு பையன் கடைசி ராத்திரி 46 எம்பி பிடிஎஃப்பை ஏற்றப் பார்த்தான், தளம் ஏற்கவில்லை. அவசரத்தில் சுருக்கியதில் பிளானில் இருந்த எழுத்தெல்லாம் புகைமூட்டமாகிவிட்டது. கோடுகளைப் படமாக மாற்றாமல் கோடாகவே ஏற்றுமதி செய்தால் கோப்பும் சிறியதாகும், எழுத்தும் தெளிவாக நிற்கும்.

ஒன்று மட்டும் இன்னும் பாக்கி. பழம் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்று அவளுடைய எந்தப் படத்திலும் இல்லை. காப்பி தெரிந்த யாரும் நேர்காணலில் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும். அதை ஒரு வெட்டுத்தோற்றத்தில் இன்னும் தீர்க்க வேண்டும், நேரம் இருக்கிறது. பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குக் கடைசித் தேதி டிசம்பர், ஜனவரியில்தான் வருகிறது.

வியாழக்கிழமை சாயங்காலம் அஸ்தம்பட்டிக்கு வரும்போது லேப்டாப்போடு அந்த நனைந்த நோட்டையும் எடுத்துவரச் சொல்லுங்கள். இஸ்திரி போட்டு நிமிர்த்துகிறேன் என்று கிளம்பிவிடப் போகிறாள், வேண்டாம்.