பல் கிளீனிங்கும் டீப் கிளீனிங்கும் ஒன்றா?

கேள்வி: ஆறு மாதம் முன்னால்தான் பல்லை கிளீன் செய்தேன். இப்போது வேறொரு டாக்டர் ஈறு நோய், ஸ்டேஜ் 3, டீப் கிளீனிங் வேண்டும் என்கிறார். அதே வேலைக்கு இன்னொரு பெயரா?

இல்லை. நான் பல் மருத்துவர், இந்தச் சந்தேகத்தை அடிக்கடி கேட்கிறேன்.

சாதாரண கிளீனிங்கில் ஈறு விளிம்பை ஒட்டித் தெரிகிற காரையை எடுத்து, பல்லைப் பாலிஷ் செய்வோம். ஒரே தடவையில் முடியும், ஊசி வேண்டாம். டீப் கிளீனிங்கில் ஈறுக்குள் இறங்கி, வேரில் ஒட்டிய காரையைச் சுரண்டுகிறோம்.

எது தேவை என்பதை மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு மெல்லிய கம்பி சொல்லிவிடும். ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் அதை ஈறுக்குள் மெதுவாக விட்டுப் பார்ப்போம். 3 மி.மீ. வரை இறங்கினால் சரி. அதற்கு மேல் இறங்கி ரத்தமும் கசிந்தால், வீக்கம் மட்டுமா, எலும்பும் கரைந்திருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்ப்போம். வெறும் வீக்கமென்றால் சாதாரண கிளீனிங்கிலேயே அடங்கிவிடும்.

பல்லின் பிடிமானம் எவ்வளவு போயிருக்கிறது என்பதை வைத்துத்தான் ஸ்டேஜ். 1–2 மி.மீ. போயிருந்தால் முதல் ஸ்டேஜ், 3–4 என்றால் இரண்டாவது, 5-ம் அதற்கு மேலும் என்றால் மூன்றாவது. அதோடு இந்த நோயால் ஐந்து பற்களாவது விழுந்தாலோ, கடிப்பதே குலைந்துபோனாலோ நான்காவது. கணக்கு, வாயிலேயே மோசமான இடத்தை வைத்து. அதனால் முன்பல் பளிச்சென்று இருக்கும்போதே ஸ்டேஜ் 3 என்று வரலாம்.

என்னிடம் வந்த ஒரு பெண்மணி வருடம் தவறாமல் கிளீனிங் செய்தவர். வலி இல்லை. கீழ்க் கடைவாய்ப் பல்லின் பின்பக்கம் கம்பி 7 மி.மீ. இறங்கியது, எக்ஸ்ரேயில் எலும்பு பாதி வேர் வரை இறங்கியிருந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு நாள் வலப்பக்கம், இன்னொரு நாள் இடப்பக்கம் என்று செய்தோம். உள்ளிருந்து வந்த காரை மேலே இருப்பதுபோல் மஞ்சளாக இல்லை. கறுத்து, கல்போல இருந்தது. கருவி வேரில் சொரசொரவென்று தட்டுவது நிற்கும்வரை சுரண்ட வேண்டும். உள்ளே கண்ணுக்குத் தெரியாது, விரல்தான் சொல்லும்.

மூன்று மாதம் கழித்து அளந்தபோது அந்த 7, 4 ஆகியிருந்தது, ரத்தமும் இல்லை. எலும்பு வளரவில்லை, ஈறு சுருங்கி வேரோடு ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். அதனால் பல் நீண்டதுபோல் தெரிந்தது, சில வாரம் கூச்சமும் இருந்தது. பக்கத்துப் பல்லில் வேர்கள் பிரியும் இடத்தில் மட்டும் 6 அப்படியே நின்றது. அங்கே கருவி சரியாக நுழையாது. ஈறைத் திறந்துதான் சுத்தம் செய்தோம்.

சரி, உங்கள் விஷயம். அளவு எழுதிய அட்டையையும் எக்ஸ்ரேயையும் காட்டச் சொல்லுங்கள். எல்லா இடத்திலும் 3-க்குள் இருந்தால், ஏன் டீப் கிளீனிங் என்று தாராளமாகக் கேளுங்கள். 6, 7 இருந்தால், போன தடவை யாரும் அளந்தே பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.