மோட்டரில் கரண்ட் அடிக்கிறது: ட்ரிப் சுவிட்ச் போட்டால் போதுமா?

கேள்வி: எங்கட வீடு களுவாஞ்சிகுடியில, கடற்கரைப் பக்கம். பழைய வயரிங். போர்ட்டில மெயின் சுவிட்சும் பிரேக்கரும்தான் இருக்கு. கிணத்து மோட்டரைத் தொட்டா கரண்ட் அடிக்குது, ஆனா பிரேக்கர் விழுறதில்ல. எர்த் கம்பி அடிச்சுத்தான் இருக்கு. ட்ரிப் சுவிட்ச் ஒண்டு போட்டா போதுமா?

பதில்: முதலில் அந்த மோட்டரின் பிளக்கைக் கழற்றி வையுங்கள். திருத்தும் வரை ஓட்ட வேண்டாம்.

பிரேக்கர் விழாததற்குக் காரணம் உங்கள் மணல்தான். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட அந்த நிலத்தில், ஆடி ஆவணியில் மேல்மணல் காய்ந்து கிடக்கும்போது எர்த் கம்பியின் தடை 100 ஓம் வருவது அதிசயமில்லை. மோட்டரின் லைவ் வயர் உடலில் பட்டால், எர்த் வழியாக ஓடக்கூடியது 230ஐ 100ஆல் வகுத்த அளவு, அதாவது 2.3 அம்பியர். 16 அம்பியர் பிரேக்கருக்கு அது ஒரு இஸ்திரிப்பெட்டியின் சுமைகூட இல்லை. அது பாட்டுக்குக் கிடக்கும், மோட்டர் உடலில் 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். மோட்டருக்கு இரட்டை வயர் மட்டும் போயிருந்தால் இன்னும் மோசம், எர்த் கம்பி இருந்தும் மோட்டருக்கு எர்த்தே இல்லை. இதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ட்ரிப் சுவிட்ச் வேறு கணக்குப் பார்க்கிறது. லைவில் போன கரண்ட் அத்தனையும் நியூட்ரலில் திரும்புகிறதா என்பதுதான் அதன் ஒரே கேள்வி. 30 மில்லி அம்பியர் குறைந்தால், வேறெங்கோ நிலத்துக்குள் போகிறது என்று அர்த்தம், உடனே அறுக்கும். மேலே சொன்ன 2.3 அம்பியர் அதற்கு மிகப் பெரிது, 0.04 வினாடிக்குள் விழுந்துவிடும். எர்த் சரியாக இருந்தால் நீங்கள் தொடுவதற்கு முன்பே விழும். எர்த் இல்லாவிட்டால், நீங்கள் தொட்டு, உங்கள் உடம்பு வழியாகக் கரண்ட் ஓடிய பிறகுதான் விழும். உயிர் பெரும்பாலும் தப்பும், ஆனால் அந்த அடியை வாங்கித்தான் ஆக வேண்டும். அதனால் மணல் நிலத்தில் ட்ரிப் சுவிட்சும் வேண்டும், எர்த்தும் வேண்டும்.

அப்புறம், இது காப்பாற்றாத இடமும் உண்டு. ஒரு கையில் லைவ், மறு கையில் நியூட்ரல் பிடித்தால் போனதும் வந்ததும் சமம். அதன் கண்ணுக்கு நீங்கள் ஒரு மின்குமிழ் மாதிரி. வயர் சூடாகும் அளவுக்குச் சுமை ஏற்றினாலும் விழாது, அது பிரேக்கரின் வேலை. பிரேக்கர்களைக் கழற்றிவிட்டு இதை மட்டும் போடுவது கூடாது.

வாங்கும்போது 40 அம்பியர், 30 மில்லி அம்பியர், இரண்டு துருவம் என்று கேளுங்கள். 300 மில்லி அம்பியரில் வருவது தீப்பிடிப்பைத் தடுக்க, ஆளைக் காப்பாற்ற அல்ல. மெயின் சுவிட்சுக்குப் பிறகு, பிரேக்கர்களுக்கு முன் வர வேண்டும். மெயின் சுவிட்சை நிறுத்தினாலும் மீட்டரிலிருந்து வரும் வயரில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும் என்பதால், இதை வயர்மனிடமே விடுங்கள்.

பழைய வீட்டில் பிழை வருவது பெரும்பாலும் நியூட்ரலில். லைவ், நியூட்ரல் இரண்டும் ட்ரிப் சுவிட்சுக்குள்ளால் போக வேண்டும், அதன் பிறகுள்ள எல்லா நியூட்ரலும் ஒரே கட்டையில் சேர வேண்டும். ஆரையம்பதியில் ஒரு வீட்டில் புதிதாகப் போட்ட சுவிட்ச், குசினி லைட்டைப் போட்டவுடன் விழுந்தது. லைட்டில் ஒரு குறையும் இல்லை. அதன் நியூட்ரல் மட்டும் பழையபடி மெயின் சுவிட்சில் நேராக மாட்டியிருந்தது. போன கரண்ட் வேறு வழியால் வீடு திரும்பியது. ஒரு வயரை இடம் மாற்றியதோடு சரியானது.

உங்கள் வீட்டிலும் விழுந்தால், பிரேக்கர் எல்லாவற்றையும் நிறுத்தி, ட்ரிப் சுவிட்சைப் போட்டு, பிரேக்கரை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள். எதைத் தூக்கும்போது விழுகிறதோ அந்த லைனில்தான் ஒழுக்கு. எல்லாம் நிறுத்தியும் விழுந்தால், எங்கோ நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருக்கலாம். சாதாரண பிரேக்கர் நியூட்ரலை அறுப்பதில்லை, அதனால் கட்டையிலிருந்து நியூட்ரலை ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் தேட வேண்டும். அது வயர்மனின் வேலை.

அந்த மோட்டரைத் திருத்தாமல் மாட்டினால் சுவிட்ச் விழத்தான் போகிறது. “இது சும்மா சும்மா விழுகுது” என்று யாராவது அதைத் தவிர்த்து நேர்லைன் கொடுக்க வந்தால் விடாதீர்கள். மோட்டரில் வயர் சேரும் பெட்டிக்குள் ஈரமா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் சுருள் கட்டக் கொடுக்க வேண்டியதுதான்.

சுவிட்சில் T என்ற பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள், விழ வேண்டும். விழுந்தால் சுவிட்ச் வேலை செய்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். எர்த் கம்பியை அது சோதிப்பதில்லை. அதை மீட்டர் வைத்துத்தான் அளக்க வேண்டும், அதுவும் கார்த்திகை மழைக்கு முன், மணல் காய்ந்திருக்கும்போது.