ஜனவரியில் நிலம் விற்ற லாபத்துக்கு முன்கூட்டிய வரி கட்டாததற்கு வட்டியைத் தள்ளுபடி செய்வார்களா?

"2025 ஜனவரியில் எதிர்பாராமல் நிலம் விற்றது. லாபத்துக்கான வரி 4 லட்சத்தை ஜூலை 20-ல்தான் கட்டினேன். வட்டி போட்டிருக்கிறார்கள். மனு கொடுத்தால் தள்ளுபடி ஆகுமா?"

வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் உங்கள் வழக்கில் வாய்ப்பு மிகக் குறைவு. லாபம் எப்போது வரும் என்று முன்கூட்டித் தெரியாது என்பதைச் சட்டமே ஏற்கிறது. அதனால் ஜூன், செப்டம்பர், டிசம்பர் தவணைகளில் கட்டாததைக் குற்றமாகப் பார்க்காது. பதிலுக்கு, முழு வரியையும் மார்ச் 15-க்குள் கட்டியிருக்க வேண்டும். (மார்ச் 15-க்குப் பிறகு விற்றவருக்கு மார்ச் 31 வரை நேரம் உண்டு.) நீங்கள் அதைத் தவறவிட்டதால், தவணை தவறியதற்கு வட்டி போடும் 234C பிரிவில் கிடைக்கும் சலுகை போய்விட்டது. அதோடு, நிதியாண்டு முடிவதற்குள் முன்கூட்டிய வரி கட்டாததற்கு வட்டி போடும் 234B பிரிவின்படி ஏப்ரல் 1 முதல் மாதம் 1% ஓடுகிறது. ஜூலையில் 20 நாள்தான் என்றாலும் முழு மாதக் கணக்கு. ஆக 4 மாதம், 16,000 ரூபாய்.

மதிப்பீட்டு அதிகாரிக்கு இதைக் குறைக்கும் அதிகாரமே இல்லை. 2006-ல் நேரடி வரிகள் வாரியம் போட்ட உத்தரவின்படி தலைமை ஆணையரிடம் மனு கொடுக்கலாம். ஆனால் எதிர்பாராத வருமானத்துக்கான அந்தச் சலுகை 234C வட்டிக்கு மட்டுமே. மூலதன ஆதாயத்தை வெளிப்படையாகவே விலக்கியிருக்கிறார்கள்.

மனுவுக்கு அலைவதைவிட, ரிட்டர்னில் மூலதன ஆதாயப் பட்டியலைத் திறந்து, லாபம் டிசம்பர் 16 முதல் மார்ச் 15 வரையிலான கட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் கட்டத்தில் விழுந்திருந்தால் 234C வட்டி தேவைக்கு மேல் ஏறியிருக்கும். அதைத் திருத்த ரிட்டர்னைத் திருத்தித் தாக்கல் செய்தால் போதும்.