காட்டேஜ் பக்கத்தை பிடிஎஃப் ஆக்க மென்பொருள் வாங்கணுமா?

கேள்வி: மே மாதம் ஏற்காட்டில் இரண்டு நாள் தங்க ஒரு காட்டேஜ் பார்த்து வைத்திருக்கிறோம். முன்பணத்தை ஆன்லைனில் கட்டச் சொல்கிறார்கள். அறையில் ஹீட்டர் உண்டு, ரத்து செய்தால் பணம் திரும்ப வரும் என்றெல்லாம் பக்கத்தில் போட்டிருக்கிறது. நாளைக்கு மாற்றிப் பேசினால் காட்டலாமே என்று பிடிஎஃப் எடுத்தேன். பாதிப் படங்கள் வெள்ளைக் கட்டமாக வந்தன. இரண்டு பத்தியாக இருந்தது ஒரே பத்தியாக நீண்டுவிட்டது. நிபந்தனைகள் என்ற இணைப்பைத் தொட்டால் திறக்கவே இல்லை. கம்ப்யூட்டர் கடையில் ஒரு பிடிஎஃப் மென்பொருள் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

— வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: வேண்டாம். உங்கள் லேப்டாப்பில் இருக்கும் குரோம் போதும். ஒரு தளத்தையே அதன் உள்பக்கங்களோடு சேர்த்து அடிக்கடி எடுத்து வைக்கிற அலுவலகங்களுக்கு அந்த மாதிரி மென்பொருள் பயன்படும். ஒரு காட்டேஜ் பக்கத்துக்காக வருஷா வருஷம் சந்தா கட்டத் தேவையில்லை. நீங்கள் சொன்ன மூன்று கோளாறுகளுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கிறது, மூன்றையும் காசில்லாமல் சரி செய்யலாம்.

இணைப்பிலிருந்து தொடங்குவோம், அதுதான் சுலபம். Ctrl+P அழுத்தினால் வரும் ஜன்னலில் `Destination` என்று ஒரு வரி இருக்கும். விண்டோஸ் கணினியில் அங்கே பிடிஎஃப் என்ற பெயரில் இரண்டு தேர்வுகள் தெரியும்: `Save as PDF`, `Microsoft Print to PDF`. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும், ஆனால் வேலை வேறு. முதலாவது குரோம் தானே பிடிஎஃப் எழுதுவது. எந்த எழுத்துக்குப் பின்னால் எந்த முகவரி இருக்கிறது என்று அதற்குத் தெரியும், அதனால் இணைப்பு உயிரோடு இருக்கும். இரண்டாவது விண்டோஸின் பிரிண்டர். அதற்குப் போய்ச் சேருவது தாளில் அடிக்க வேண்டிய உருவம் மட்டும்தான், முகவரி போகாது. நீங்கள் தேர்ந்தெடுத்தது அநேகமாக இரண்டாவதாக இருக்கும். முதலாவதை எடுங்கள்.

ஆனால் இணைப்பு வேலை செய்வதோடு நிம்மதியாகிவிடாதீர்கள். பிடிஎஃபுக்குள் போவது முகவரி மட்டும்தான், அந்த முகவரியில் இருக்கும் பக்கம் போவதில்லை. நாளை அவர்கள் நிபந்தனைகளை மாற்றி எழுதினால் உங்கள் பிடிஎஃபில் இருக்கும் இணைப்பும் மாற்றிய பக்கத்தைத்தான் திறக்கும். அதனால் நிபந்தனைகள் பக்கத்தைத் தனியாகத் திறந்து இன்னொரு பிடிஎஃப் எடுத்தே ஆக வேண்டும். பணம் திரும்பக் கிடைக்குமா கிடைக்காதா என்ற தகராறில் படங்களைவிட அந்தப் பக்கம்தான் பேசும்.

அடுத்து வெள்ளைக் கட்டங்கள். பக்கம் சீக்கிரம் திறக்க வேண்டும் என்பதற்காக, கீழே இருக்கும் படங்களை நீங்கள் அங்கே போகிறவரை பல தளங்கள் இறக்குவதே இல்லை. மேல்பகுதியை மட்டும் பார்த்துவிட்டு Ctrl+P அழுத்தினால், இன்னும் வராத படத்தின் இடம் காலியாகவே அச்சாகும். அடிவரை மெதுவாக உருட்டுங்கள், ஒவ்வொரு படமும் தெளிவாக வந்ததைப் பார்த்துவிட்டுப் பிரிண்ட் கொடுங்கள். ஏற்காட்டில் உட்கார்ந்து எடுப்பதாக இருந்தால் சிக்னல் பார்த்து இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். `More settings` என்பதைத் திறந்து `Background graphics` என்ற கட்டத்திலும் டிக் போடுங்கள். பின்னணியாக வைத்த படங்களும் வண்ணப் பட்டைகளும் அதை டிக் செய்தால்தான் வரும். ஒன்றன்பின் ஒன்றாக நகரும் படத்தொகுப்பில் அந்த நேரம் தெரிகிற படம் மட்டும்தான் விழும். ஹீட்டர் தெரிகிற குளியலறைப் படம் நான்காவதாக இருந்தால் அதுவரை நகர்த்தி நிறுத்திவிட்டு எடுங்கள்.

இதே கதைதான் "மேலும் படிக்க" என்று மூடி வைத்திருக்கும் பத்திகளுக்கும். திரையில் மூடியிருந்தால் பிடிஎஃபிலும் மூடித்தான் இருக்கும், பிறகு தொட்டாலும் விரியாது. ரத்து விதி, கூடுதல் கட்டணம், உணவு என்று எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் திறந்தால் இன்னொன்று மூடிக்கொள்கிற வகையாக இருந்தால் இரண்டு மூன்று முறை எடுக்க வேண்டியதுதான், வேறு வழி இல்லை.

இனி ஒரே பத்தியாக நீண்டது. இதற்குத்தான் பலர் மென்பொருளைத் தேடி அலைகிறார்கள், காரணமோ தாளின் அகலம். பிரவுசர் ஓர் அங்குலத்தை 96 பிக்சல் என்று கணக்கு வைக்கிறது. ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலம், அதாவது ஏறக்குறைய 794 பிக்சல். இரண்டு பக்க ஓரத்தையும் கழித்தால் 720க்குப் பக்கத்தில் நிற்கும். உங்கள் லேப்டாப் திரையோ 1366 அல்லது அதற்கும் மேல். இன்றைய தளங்கள் அகலத்தைப் பார்த்துத் தங்களை அடுக்கிக்கொள்கின்றன. பல தளங்கள் 768க்குக் கீழே வந்துவிட்டால் பார்ப்பவர் கையில் இருப்பது போன் என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டுவிடும். ஆக, அச்சில் பக்கம் குலையவில்லை, போனுக்கான பக்கம் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

தாளை அகலமாக்கினால் சரியாகிவிடும். `Layout` என்ற இடத்தில் `Landscape` வைத்தால் அகலம் 1123 பிக்சலாகிறது, ஓரம் போக ஆயிரத்துச் சொச்சம். தாள் நின்ற வாக்கிலேயே இருக்கட்டும் என்றால் `Scale` என்பதை `Custom` ஆக்கி 70 கொடுங்கள். எழுத்து கொஞ்சம் சிறுக்கும், ஆனால் அதே 720 இடத்தில் 1030 பிக்சல் அளவு பக்கம் உட்காரும். காட்டேஜ் பக்கத்துக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். படுக்கை வாக்கில் எடுத்தால் படங்கள் நடுவில் வெட்டுப்பட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிற தொல்லை அதிகம். திரையில் மட்டும்தான் பார்க்கப் போகிறீர்கள், தாளில் அடிக்க மாட்டீர்கள் என்றால் `Paper size` என்பதை `A3` ஆக்கிவிட்டு அளவை நூறிலேயே விட்டுவிடலாம்.

அப்படியும் படமே இல்லாமல் மொட்டையாக வந்தால், அந்தத் தளம் அச்சுக்கென்று தனி வடிவம் எழுதி வைத்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கும் வழி உண்டு. F12 அழுத்தி, Ctrl+Shift+P கொடுத்து, `Show Rendering` என்று தட்டி எடுங்கள். கீழே வரும் பட்டியலில் `Emulate CSS media type` என்ற இடத்தில் `screen` வையுங்கள். அந்தப் பகுதியை மூடாமலே பிரிண்ட் கொடுத்தால் திரையில் இருப்பதுபோல வரும்.

திரையின் அடியில் ஒட்டிக்கொண்டே இருக்கும் "இப்போதே பதிவு செய்க" பட்டை, அரட்டைப் பொத்தான், குக்கீ அறிவிப்பு எல்லாம் பிடிஎஃபின் ஒவ்வொரு பக்கத்திலும் வந்து நிற்கும். சில நேரம் சரியாகக் கட்டணம் எழுதிய வரி மேலேயே உட்காரும். மூடுகிற குறி இருந்தால் முன்பே மூடிவிடுங்கள். இல்லையென்றால் அளவைச் சற்று மாற்றிப் பாருங்கள், வரிகள் இடம் நகர்ந்து மறைந்தது வெளியே வரும்.

ஆன்லைனில் இலவசமாக மாற்றித் தரும் தளங்களில் முகவரியை ஒட்டினால் ஆகாதா என்று கேட்பீர்கள். அவை பக்கத்தைத் தங்கள் சர்வரிலிருந்து புதிதாகத் திறக்கின்றன. நீங்கள் தேர்ந்தெடுத்த தேதி, ஆட்கள் எண்ணிக்கை, லாகின் செய்ததால் கிடைத்த விலை எதுவும் அங்கே இருக்காது. சாதாரண நாள் வாடகை விழும், கோடை விழா நாட்களுக்கு உங்களிடம் கேட்ட வாடகை விழாது. பொதுவான கட்டுரைப் பக்கத்துக்குச் சரி, உங்கள் காரியத்துக்கு உதவாது.

உங்களுக்கு இது சாட்சியாகவும் வேண்டும் என்பதால் `Headers and footers` கட்டாயம் டிக்கில் இருக்கட்டும். மேலே தேதியும் நேரமும், கீழே பக்கத்தின் முகவரியும் அச்சாகும். அழகாக இல்லை என்று பலர் எடுத்துவிடுகிறார்கள். `Margins` என்பதில் `None` வைத்தாலும் இது காணாமல் போகும்.

எடுக்க வேண்டியவை நான்கு: காட்டேஜ் பக்கம், நிபந்தனைகள் பக்கம், பணம் கட்டுவதற்கு முன் மொத்தத் தொகையும் வரியும் தெரியும் பக்கம், கட்டிய பின் வரும் உறுதிப் பக்கம். எடுத்ததும் ஒவ்வொன்றையும் திறந்து ஓர் இணைப்பைத் தொட்டுப் பாருங்கள். பிறகு Ctrl+F போட்டு உள்ளே இருக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லையோ தொகையையோ தேடுங்கள். கிடைத்தால் எழுத்து எழுத்தாகவே இருக்கிறது, கிடைக்காவிட்டால் படமாகிவிட்டது. தமிழ்ச் சொல்லை வைத்துச் சோதிக்க வேண்டாம். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற தமிழ்கூட பிடிஎஃபில் தேடினால் சில சமயம் சிக்காது, கொம்பும் காலும் வரிசை மாறிப் பதிவாவதுதான் காரணம்.

பிடிஎஃபை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று எதிர்த்தரப்பு சொல்லக்கூடும். அதற்காக, லாகின் இல்லாமல் திறக்கிற பக்கங்களின் முகவரியை மட்டும், இணையப் பக்கங்களைப் பிரதி எடுத்து வைக்கும் `web.archive.org/save` என்ற இடத்தில் கொடுத்து வையுங்கள். வெளியார் ஒருவரிடம் தேதியோடு பிரதி இருக்கும். எல்லாத் தளங்களும் இதற்கு இடம் கொடுப்பதில்லை. உறுதி மின்னஞ்சலையும் வங்கிக் குறுஞ்செய்தியையும் அழிக்காதீர்கள்.

தகராறு வந்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே தீராமல் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் வரை போனால், மின்னணுப் பதிவுக்கு பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி உங்களிடம் சான்றிதழ் கேட்கலாம். அந்தப் படிவத்தில் கோப்பின் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிடும் ஓர் அடையாளக் குறியீட்டை, எழுத ஓர் இடம் இருக்கிறது. கோப்பை வேறு மென்பொருளில் திறந்து மறுபடி சேமித்தாலே அந்த மதிப்பு மாறிவிடும். எனவே ஹீட்டர் என்ற சொல்லுக்கு அடிக்கோடு போட வேண்டும் என்று தோன்றினால் நகல் ஒன்று எடுத்து அதில் போடுங்கள், முதலில் சேமித்ததைத் தொடாதீர்கள்.