ஸ்குவாட்டில் கீழே இறங்கும்போது ஆடுகிறேன், மெதுவாக இறக்கிப் பழகினால் சரியாகுமா?

எனக்குச் சரியானது. நீங்களும் என்னைப் போலப் பாதி தூரம் ஒழுங்காக இறங்கி, கடைசியில் தொப்பென்று விழுகிறவர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அப்போது நான் 80 கிலோவில் 5 ரெப் செய்துகொண்டிருந்தேன். அடியில் முட்டி உள்பக்கமாக மடங்கும். எழும்போது இடுப்பு முந்திக்கொள்ளும், நெஞ்சு கவிழும். பயிற்சி கொடுத்தவர் ஒவ்வொரு ரெப்புக்கும் "முட்டியை வெளியே தள்ளு" என்று கத்துவார். விழுகிற வேகத்தில் அதைக் கேட்டு என்ன செய்ய முடியும்? மாதக்கணக்கில் பணம் வாங்கியவர் ஒரு நாள்கூடப் பக்கவாட்டில் நின்று என் பாதத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

அப்புறம் நானே 50 கிலோவுக்கு இறங்கினேன். நான்கு நொடி இறக்கம், அடியில் உடம்பைத் தளர்த்தாமல் ஒரு நொடி, பிறகு வழக்கமான வேகத்தில் எழுவது. 4 ரெப், 4 செட், வாரம் இரண்டு நாள். முதல் வாரம் தொடை நன்றாகவே வலித்தது.

வீடியோ எடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. சுலபமான மேல்பகுதியில் "ஒன்று, இரண்டு" என்று நிதானமாக எண்ணிவிட்டு, கஷ்டமான கீழ்ப்பகுதியில் "மூன்று, நான்கு" இரண்டையும் ஒரே மூச்சில் விழுங்கியிருந்தேன். அதனால் எண்ணுவதை நண்பனிடம் விட்டேன். "இரண்டு" என்னும்போது பாதி ஆழத்தில் இருக்க வேண்டும், "நான்கு" என்னும்போதுதான் அடியைத் தொட வேண்டும். ஆள் இல்லையென்றால் போனில் தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்படி இறங்கியபோது, "மூன்று" வரும் இடத்தில் எடை முன்பாதத்துக்குப் போவது தெரிந்தது. குதிகால் லேசாகும், அதற்கு அடுத்த கணம்தான் முட்டி மடங்கும். நான் முட்டியோடு போராடிக்கொண்டிருந்தேன், கோளாறு தொடங்கியதோ பாதத்தில். மெதுவாகப் போனதால் அங்கேயே குதிகாலை அழுத்திச் சரிசெய்ய நேரம் கிடைத்தது. அந்த இடத்தில் கட்டுப்பாடு நழுவினால், ரெப் மிச்சமிருந்தாலும் செட்டை முடித்துவிடுவேன்.

இவ்வளவு குறைந்த எடையில் பலம் வருமா என்று சிலர் கேட்பார்கள். நான் பலத்தைப் பற்றிப் பேசவில்லை, இறக்கத்தைக் கட்டுப்படுத்துவதைப் பற்றித்தான் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் இது மருந்து என்றும் சொல்லவில்லை. வெறும் பாரோடு மெதுவாக இறங்கியும் குதிகால் தூக்கினால், குதிகாலுக்கு அடியில் சின்ன பிளேட் வைத்துப் பாருங்கள். உடனே நிதானம் வந்துவிட்டால் கணுக்கால் போதுமான அளவு மடங்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அதைத் தனியாகத்தான் கவனிக்க வேண்டும்.

வாரத்துக்கு 2.5 கிலோ ஏற்றி, ஆறாவது வாரம் 62.5 கிலோவில் நின்றேன். அதன்பிறகுதான் இறக்கத்தை இரண்டு நொடியாகக் குறைத்தேன். திரும்ப 80 கிலோவைத் தொட மேலும் ஏழு வாரம் ஆனது. இப்போதும் வார்ம்-அப் செட்களை நான்கு எண்ணித்தான் இறக்குகிறேன்.